நாள்வாரி ஷிஃப்ட் தாளை ஆள்வாரி வார அட்டவணையாக மாற்றும்போது நேரும் தவறுகள்

தொழிற்சாலையில் ஷிஃப்ட் தாள் பெரும்பாலும் நாள்வாரியாகத்தான் வரும். திங்கள் ஏ ஷிஃப்டில் யார், பியில் யார், சியில் யார் என்று சூப்பர்வைசர் எழுதிக் கொடுப்பார். அவருக்கு எந்த இடமும் காலியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் கவலை. வேலை செய்பவருக்குத் தெரிய வேண்டியது வேறு: இந்த வாரம் எனக்கு என்றைக்கு எந்த ஷிஃப்ட், என்றைக்கு லீவு? டைம் ஆபீஸுக்கும் ஆள்வாரிக் கணக்குதான் வேண்டும். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் இடத்தில்தான் ஓவர்டைம் காணாமல் போகிறது, வார விடுமுறை தப்பாகிறது.

ஒரு சிறு உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். எலக்ட்ரிகல் பிரிவில் நான்கு பேர். ஏ ஷிஃப்ட் காலை 6 முதல் 2 வரை, பி ஷிஃப்ட் 2 முதல் இரவு 10 வரை, சி ஷிஃப்ட் இரவு 10 முதல் காலை 6 வரை; ஷிஃப்டுக்கு ஒருவர். 2026 ஜூன் 1, திங்கள் தொடங்கும் வாரம். முருகன் ஏ, செல்வம் பி, ஆர். குமார் சி. எஸ். குமார் ரிலீவர். முருகனுக்கு வியாழன், செல்வத்துக்கு வெள்ளி, ஆர். குமாருக்குச் சனி வார விடுமுறை. அந்தந்த நாளில் அவர்கள் ஷிஃப்டை எஸ். குமார் பார்க்கிறார். திங்கள் முதல் புதன் வரை அவருக்கு ஜெனரல் ஷிஃப்ட், ஞாயிறு விடுமுறை. புதன் இரவு ஆர். குமார் லீவு போட்டதால் செல்வம் பி முடித்து, சியும் தொடர்ந்து பார்க்கிறார்.

முதல் தவறு, நாள் தாளிலிருந்து நேரே கட்டத்துக்குத் தாவுவது. நடுவில் ஒரு பட்டியல் வேண்டும். `Duty` என்று ஒரு ஷீட் வைத்து, ஒரு வரிக்கு ஒரு டியூட்டி என்று மூன்றே பத்திகளில் எழுதுங்கள்: தேதி, ஷிஃப்ட், ஊழியர் எண். நாள் தாளில் தேதிக் கட்டத்தை மூன்று ஷிஃப்டுக்கும் சேர்த்து மெர்ஜ் செய்திருப்பார்கள். அதைப் பிரித்தால் தேதி ஏ வரியில் மட்டும் நிற்கும். பி, சி வரிகள் தேதியில்லாமல் கிடக்கும். வார அட்டவணையில் ஏ ஷிஃப்ட் மட்டும் நிறைந்து மற்றதெல்லாம் வெறுமையாக இருந்தால் காரணம் இதுதான். எக்செலில் `Ctrl+G`, `Special`, `Blanks` என்று வெற்றுக் கட்டங்களைத் தேர்ந்து, `=` போட்டு மேல் அம்புக்குறியை அழுத்தி, `Ctrl+Enter` கொடுத்தால் நிரம்பிவிடும். அப்புறம் அந்தப் பத்தியை மதிப்பாக ஒட்டிவிடுங்கள். தேதியையும் ஒருமுறை பாருங்கள். கணினி அமெரிக்க முறையில் இருந்தால் 1/6/2026 ஜனவரி 6 ஆகிவிடும்.

பெயரை வைத்துத் தேடுவது அடுத்த தவறு. சூப்பர்வைசர் தாளில் இரண்டு பேருக்கும் "குமார்" என்றுதான் இருக்கும். அப்படியே மாற்றினால் ஒரே குமாருக்கு வியாழன் `A+C`, வெள்ளி `B+C` என்று வரும். இதைப் பார்த்து ஓவர்டைம் போட்டவர்களும் உண்டு. பெயருக்குப் பின்னால் ஒரு இடைவெளி கூடுதலாக விழுந்தாலும் அந்த டியூட்டி சத்தமில்லாமல் விடுபடும். ஊழியர் எண்ணை வைத்தால் இரண்டு தொல்லையும் இல்லை. பெயர் பார்வைக்கு மட்டும் இருக்கட்டும்.

மூன்றாவது தவறில் பணம் போகிறது. பலரும் கட்டத்தை நிரப்ப `XLOOKUP` அல்லது `INDEX`, `MATCH` போடுகிறார்கள். அவை பொருந்தும் முதல் வரியோடு நின்றுவிடும். செல்வத்தின் புதன்கிழமைக்கு `B` மட்டும் வரும். இரவு முழுக்க நின்று பார்த்த சி ஷிஃப்ட் தெரியவே தெரியாது. வார அட்டவணையில் A பத்தியில் ஊழியர் எண், B பத்தியில் பெயர், முதல் வரியில் தேதிகள் என்று வைத்து, C2 கட்டத்தில் இதைப் போடுங்கள்:

```
=TEXTJOIN("+",TRUE,IF((Duty!$C$2:$C$200=$A2)*(Duty!$A$2:$A$200=C$1),Duty!$B$2:$B$200,""))
```

எக்செல் 2019-இல் `Ctrl+Shift+Enter` அழுத்த வேண்டும். கூகுள் ஷீட்ஸில் `ARRAYFORMULA` உள்ளே வைக்க வேண்டும். இப்போது புதனுக்கு `B+C` வரும். ஆனால் மணி நேரத்தைக் கட்டங்களை எண்ணிக் கணக்கிடாதீர்கள். செல்வத்துக்கு நிரம்பிய கட்டம் 6, அதாவது 48 மணி. டியூட்டியோ 7, அதாவது 56 மணி. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59-ஆம் பிரிவு, வாரம் 48 மணிக்கு மேல் போனால் இரட்டிப்புக் கூலி என்றது. அந்த 8 மணி விடுபட்டால் 16 மணி நேரக் கூலி விடுபடுகிறது. எண்ணுவதை எப்போதும் `Duty` பட்டியலில் எண்ணுங்கள்.

இனி நள்ளிரவு. ஞாயிறு இரவு தொடங்கும் சி ஷிஃப்ட் திங்கள் காலை 6 மணிக்கு முடிகிறது. எந்த வாரத்தில் சேர்ப்பது? சிலர் 12 மணியில் வெட்டி, 2 மணி நேரம் இந்த வாரம், 6 மணி நேரம் அடுத்த வாரம் என்று போடுகிறார்கள். அதே சட்டத்தின் 57-ஆம் பிரிவு இதற்குத் தெளிவான வழி வைத்தது: நள்ளிரவுக்குப் பின் செய்த வேலையும் ஷிஃப்ட் தொடங்கிய நாளின் கணக்கே, விடுமுறை என்பது ஷிஃப்ட் முடிந்ததிலிருந்து தொடர்ச்சியாக 24 மணி நேரம். ஆகவே தேதி என்றால் ஷிஃப்ட் தொடங்கும் தேதி என்று தாளின் தலையிலேயே எழுதிவிடுங்கள். எஸ். குமார் சனி இரவு சி பார்க்கிறார். அவருடைய ஞாயிறு விடுமுறை ஞாயிறு காலை 6 மணிக்குத் தொடங்கி திங்கள் காலை 6 வரை போகிறது. அட்டவணையில் "ஞாயிறு விடுமுறை" என்று மட்டும் பார்க்கும் சூப்பர்வைசர், ஞாயிறு இரவு சி ஷிஃப்டுக்கு ஆள் வரவில்லை என்றதும், ஞாயிறு முடிந்துவிட்டதே என்று 12 மணிக்கு மேல் அவரைக் கூப்பிட்டால் விடுமுறை உடைந்துவிடும்.

இதே காரணத்தால் முந்தைய வாரத்தின் கடைசி நாளையும் சேர்த்து எட்டுப் பத்தியாக வையுங்கள். மே 31 இரவு சி பார்த்தவர் ஜூன் 1 காலை ஏயில் இருக்கிறாரா என்பது ஏழு நாள் அட்டவணையில் தெரியாது. மேலே C பத்தி மே 31-க்கு. திங்கள் D-இல் தொடங்கும். மணிக்கணக்கில் மட்டும் C-யைச் சேர்க்காதீர்கள்.

வெற்றுக் கட்டத்தை லீவு என்று படிப்பதும் வழக்கமாக நடக்கிறது. எஸ். குமாருக்குத் திங்கள், செவ்வாய், புதன் மூன்றும் வெறுமையாகத்தான் வரும், ஏனென்றால் ஜெனரல் ஷிஃப்ட் நாள் தாளில் எழுதப்படுவதில்லை. அவர் லீவு என்று நினைத்து வராமலிருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஜெனரலுக்கு `G`, வார விடுமுறைக்கு `WO`, லீவுக்கு `CL` என்று அவற்றையும் பட்டியலில் வரியாகச் சேருங்கள். நாலு பேர், ஏழு நாள்: 28 கட்டத்தில் ஒன்றுகூட வெறுமையாக இருக்கக் கூடாது. இருந்தால் எங்கோ ஒரு வரி விடுபட்டிருக்கிறது.

சரிபார்க்க, அட்டவணைக்குக் கீழே ஷிஃப்டுக்கு ஒரு வரி:

```
=COUNTIFS(Duty!$A:$A,D$1,Duty!$B:$B,"C")
```

எல்லா நாளுக்கும் 1 வர வேண்டும். ஆள்வாரியாக ஏ, பி, சி மட்டும் எண்ணினால் முருகன் 6, செல்வம் 7, ஆர். குமார் 5, எஸ். குமார் 3, கூட்டினால் 21, அதாவது மூன்று ஷிஃப்ட் ஏழு நாள். இரண்டு குமார்களும் ஒரு நாள் இடம் மாறியிருந்தால் இந்தக் கூட்டலில் தெரியாது. அதற்கு ஒருவர் நாள் தாளை வாசிக்க, மற்றவர் அட்டவணையில் பத்தி பத்தியாக விரல் வைத்துப் பார்ப்பதுதான் வழி; நாலு பேருக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

வாரத்தின் நடுவில் ஷிஃப்ட் மாறினால் `Duty` பட்டியலில் மாற்றுங்கள். அட்டவணைக் கட்டத்தில் நேரடியாகத் தட்டினால் அங்கே இருந்த சூத்திரம் அழிந்துபோகும். பிறகு பட்டியலில் என்ன மாற்றினாலும் அந்தக் கட்டம் பழையதையே காட்டும். எக்செலில் `` Ctrl+` `` அழுத்தினால் எந்தக் கட்டத்தில் சூத்திரம் போய்விட்டது என்று உடனே தெரியும்.