தமிழ்ப்பள்ளிதான் தம்பி, வேறென்ன?: நல்ல பெயருக்காகச் சொல்லும் பதில்களை எட்டுக் கேள்விகளில் கண்டுபிடிப்பது எப்படி

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஓர் அடுக்குமாடி வீட்டின் வாசலில் நின்று கேள்வித்தாளை விரிக்கிறீர்கள். “அடுத்த பிள்ளையை எந்தப் பள்ளிக்கு அனுப்பப் போறீங்க, அக்கா?” பதில் உடனே வருகிறது: “தமிழ்ப்பள்ளிதான் தம்பி, வேறென்ன?” கேட்பவர் தமிழர், கேள்வித்தாள் தமிழில், தலைப்பில் ஒரு தமிழ்ச் சங்கத்தின் பெயர். இப்படி ஒரு வாசலில் நின்றுகொண்டு, சீனப்பள்ளியும் யோசனையில் இருக்கிறது என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்?

அந்த அக்கா பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. உண்மையாகவே அது அவர் முடிவாக இருக்கலாம். ஒருவருடைய பதிலை மட்டும் பார்த்து அதைத் தீர்மானிக்க முடியாது. ஆனால் நூறு பேரின் பதில்களைச் சேர்த்துப் பார்க்கும்போது, அதில் எவ்வளவு நல்ல பெயருக்காக ஏறியிருக்கிறது என்று ஓரளவு கணிக்கலாம். அதற்கு உதவுவதுதான் சிறிய கட்டுப்பாட்டு அளவுகோல்: நல்ல பெயர் தேடும் போக்கை அளக்க, கேள்வித்தாளில் சேர்க்கும் சில வாக்கியங்கள். ஆய்வில் முன் அனுபவம் இல்லாதவர்களும் செய்யக்கூடிய வேலை இது. ஒரு விரிதாள் இருந்தால் போதும்.

முதல் படி: கேள்விகளை எழுதுவது

கிரவுன், மார்லோ என்ற இரு உளவியலாளர்கள் 1960ல் வெளியிட்ட இத்தகைய அளவுகோலில் 33 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ‘சரி’ அல்லது ‘தவறு’ என்று பதில். வீட்டு வாசலில் 33 கேள்வி கேட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள். 1982ல் ரேனால்ட்ஸ் அதை 13 வாக்கியங்களாகச் சுருக்கினார். நமக்கு எட்டு போதும்.

இதன் அடிப்படை எளிது. எல்லாரும் மெச்சும், ஆனால் ஏறக்குறைய யாராலும் முழுக்கக் கடைப்பிடிக்க முடியாத குணங்கள் நான்கு. எல்லாரும் செய்யும், ஆனால் ஒப்புக்கொள்ளக் கூசும் சின்னக் குறைகள் நான்கு. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

1. யார் பேசினாலும் நான் எப்போதும் பொறுமையாகக் கேட்பேன்.
2. சொன்ன நேரத்துக்கு ஒருமுறைகூடத் தாமதமாகப் போனதில்லை.
3. என் மேல் தவறு என்றால் எப்போதும் உடனே ஒப்புக்கொள்வேன்.
4. என் பேச்சால் யார் மனமும் நோகும்படி நான் நடந்ததே இல்லை.
5. ஒருவர் இல்லாத நேரத்தில் அவரைப் பற்றிக் குறை பேசியிருக்கிறேன்.
6. போக மனமில்லாத விருந்துக்கு, உடம்பு சரியில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கிறேன்.
7. அடுத்தவருக்குக் கிடைத்த நல்லதைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன்.
8. நான் நினைத்தபடி நடக்காவிட்டால் சில நேரம் எரிச்சல் வரும்.

முதல் நான்குக்கு ‘சரி’ என்றாலும், பின் நான்குக்கு ‘தவறு’ என்றாலும் ஒரு மதிப்பெண். மொத்தம் 0 முதல் 8 வரை.

இரண்டு பக்கமும் நான்கு நான்காக வைப்பதற்குக் காரணம் உண்டு. எதைக் கேட்டாலும் ‘ஆமாம், ஆமாம்’ என்று தலையாட்டுபவர்கள் எங்கும் இருக்கிறார்கள். எட்டையும் முதல் வகையிலேயே எழுதினால், தலையாட்டுபவரும் நல்ல பெயர் தேடுபவரும் ஒரே மதிப்பெண்ணில் வந்து நிற்பார்கள். சமமாகப் பிரித்தால், எல்லாவற்றுக்கும் ‘சரி’ சொன்னவருக்கு 4தான் கிடைக்கும்.

எதை எழுதக்கூடாது என்பதும் முக்கியம். ‘நான் மது தொட்டதே இல்லை’ என்பது பலருக்கு நேர்மையான பதில். ‘பெரியவர்களை எதிர்த்துப் பேசியதில்லை’ என்பதும் அப்படித்தான். நம் குடும்பங்களில் சிலர் உண்மையாகவே பேசியிருக்க மாட்டார்கள். இப்படிப்பட்ட வாக்கியங்கள் வளர்ப்பையும் நம்பிக்கையையும் அளக்குமே தவிர, பாசாங்கை அளக்காது. அதனால் முதலில் இருபது முப்பது பேரிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு வாக்கியத்துக்குக் கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே பதில் சொன்னால் அது யாரையும் பிரித்துக் காட்டவில்லை. எடுத்துவிட்டு வேறு போடுங்கள்.

கேள்வித்தாளில் இந்த எட்டையும் ஒரே கூட்டமாக வைக்க வேண்டாம். சாதாரணக் கேள்விகளோடு கலந்து, பள்ளி பற்றிய கேள்விகள் முடிந்த பிறகு வையுங்கள். முன்னால் வைத்தால் மக்கள் உஷாராகிவிடுவார்கள்.

இரண்டாம் படி: இரண்டு வழியில் கேட்பது

பலர் தவிர்த்துவிடும் படி இது. என் பார்வையில் எட்டுக் கேள்விகளைவிட இதுதான் அதிகம் சொல்லும். பாதிப் பேரிடம் நேரில் கேளுங்கள். மீதிப் பாதிப் பேரிடம் தாளைக் கொடுத்து, தாங்களே நிரப்பி, பெயர் எழுதாமல் உறையில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். யாருக்கு எந்த வழி என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். வசதியைப் பார்த்துப் பிரித்தால் ஒப்பீடு செல்லாது.

மூன்றாம் படி: கணக்கு

பயிற்சிக்காக நானே போட்ட எண்களோடு பார்ப்போம், இது உண்மையான ஆய்வு முடிவு அல்ல. பெற்றோர் 120 பேர். எல்லாருக்கும் மூத்த பிள்ளை ஆரம்பப் பள்ளியில், அடுத்தது பாலர் பள்ளியில். தமிழ்ப்பள்ளி பற்றிய ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஆக மனப்பான்மை மதிப்பெண் 5 முதல் 25 வரை போகும்.

விரிதாளில் B முதல் E வரை முதல் நான்கு வாக்கியங்கள், F முதல் I வரை பின் நான்கு. ‘சரி’ என்றால் 1, ‘தவறு’ என்றால் 0. J பத்தியில் நல்ல பெயர் மதிப்பெண்:

```
=SUM(B2:E2)+4-SUM(F2:I2)
```

K பத்தியில் நேர்காணல் என்றால் 1, உறை என்றால் 0. L பத்தியில் மனப்பான்மை மதிப்பெண். மேலே போவதற்குள் ஒன்றைச் சரிபாருங்கள்: முதல் நான்கின் மதிப்பெண்ணும் பின் நான்கின் மதிப்பெண்ணும் ஒன்றோடொன்று சேர்ந்து ஏறுகின்றனவா? அவற்றின் ஒட்டுறவு பூஜ்யத்துக்குப் பக்கத்திலோ எதிர்மறையாகவோ இருந்தால், தலையாட்டல்தான் அங்கே ஆள்கிறது. அந்த அளவுகோலை வைத்து எதையும் சொல்லக்கூடாது. சரியாக இருந்தால் அடுத்தது, நல்ல பெயர் மதிப்பெண்ணுக்கும் மனப்பான்மை மதிப்பெண்ணுக்கும் உள்ள ஒட்டுறவு:

```
=CORREL(J2:J121,L2:L121)
```

நம் எண்களில் 0.35 வருகிறது. அதை அதே எண்ணால் பெருக்கி வர்க்கமாக்கினால் சுமார் 0.12. அதாவது மனப்பான்மை மதிப்பெண்ணில் ஆளுக்கு ஆள் தெரியும் வேறுபாட்டில் எட்டில் ஒரு பங்கு நல்ல பெயர் மதிப்பெண்ணோடு சேர்ந்து நகர்கிறது. புறக்கணிக்கக்கூடிய அளவு இல்லை.

நான்காம் படி: பாசாங்கா, உண்மையா?

இங்கேதான் புதியவர்கள் அவசரப்படுவார்கள். ஒட்டுறவு இருக்கிறது என்பதாலேயே பொய் இருக்கிறது என்று ஆகிவிடாது. நிஜமாகவே பொறுமைசாலிகளும், ஊர்க்காரியங்களில் முன்னிற்பவர்களும் தமிழ்ப்பள்ளியையும் அதிகம் விரும்பலாம். 1983ல் மெக்ரே, கோஸ்டா என்ற இரு உளவியலாளர்கள் செய்த ஆய்வில், ஒருவர் தம்மைப் பற்றிச் சொன்னதை இத்தகைய அளவுகோலால் ‘திருத்திய’ பிறகு, அது அவருடைய துணைவர் தந்த மதிப்பீட்டோடு முன்பைவிடக் கூடுதலாகப் பொருந்தவில்லை. திருத்தம் உண்மையான குணத்தையும் சேர்த்தே வெட்டிவிடும்.

அதனால் பேச்சோடு செயலையும் ஒப்பிட வேண்டும். மூத்த பிள்ளை ஏற்கெனவே எந்தப் பள்ளியில் படிக்கிறது என்பது நடந்து முடிந்த விஷயம். பெற்றோரை மூன்று கூட்டமாகப் பிரிப்போம்:

| நல்ல பெயர் மதிப்பெண் | பேர் | மனப்பான்மை சராசரி | மூத்த பிள்ளை தமிழ்ப்பள்ளியில் |
|---|---|---|---|
| 0–2 | 38 | 17.1 | 22 |
| 3–5 | 51 | 18.4 | 30 |
| 6–8 | 31 | 20.6 | 18 |

மனப்பான்மை கீழிருந்து மேலே 3.5 மதிப்பெண் ஏறுகிறது. செயலைப் பாருங்கள்: மூன்று கூட்டத்திலும் ஏறக்குறைய 58, 59 விழுக்காட்டினர்தான் மூத்த பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள். பேச்சு ஏறியது, செயல் அசையவில்லை. ஆகவே அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி முகத்துக்காகச் சொன்னது என்று சந்தேகிக்க நியாயம் இருக்கிறது. செயலும் கூடவே ஏறியிருந்தால் நான் எந்தத் திருத்தத்திலும் கை வைத்திருக்க மாட்டேன். இதிலும் ஓர் ஓட்டை உண்டு. பள்ளி தூரமாக இருந்ததால் மனமிருந்தும் சேர்க்க முடியாதவர்கள் இருப்பார்கள். தூரத்தையும் ஒரு கேள்வியாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: விளக்கத்தைத் திருத்துவது

நேர்காணல் செய்த 60 பேரின் மனப்பான்மை சராசரி 19.6, நல்ல பெயர் சராசரி 4.6. உறையில் தந்த 60 பேருக்கு முறையே 17.5, 3.1. கேட்ட விதம் மட்டுமே மாறியதில் 2.1 மதிப்பெண் வித்தியாசம். இதில் எவ்வளவை நம் எட்டுக் கேள்விகள் பிடித்தன?

```
=LINEST(L2:L121,J2:K121)
```

இந்தச் சூத்திரம் எண்களைத் தலைகீழ் வரிசையில் தரும்: முதலில் K, பிறகு J, கடைசியில் மாறிலி. நமக்கு K 1.26, J 0.56. நல்ல பெயர் மதிப்பெண் ஒன்று கூடினால் மனப்பான்மை 0.56 கூடுகிறது. நல்ல பெயர் சராசரியில் இரண்டு வழிக்கும் இடையே 1.5 வித்தியாசம், ஆக 2.1ல் 0.84 அதன் கணக்கில். மீதி 1.26 எட்டுக் கேள்விகளின் வலையில் விழவே இல்லை.

ஏன்? பொறாமை இல்லை, புறம் பேசவில்லை என்று காட்டிக்கொள்ளும் ஆசை பொதுவானது. தமிழர் முன்னால் தமிழை விட்டுக்கொடுத்துப் பேசக்கூடாது என்ற கூச்சம் வேறு. கணவன் மனைவி சண்டையைக் கூசாமல் ஒப்புக்கொள்கிற அம்மாவுக்கும் இந்தக் கூச்சம் இருக்கும். பொது அளவுகோலால் அதைப் பார்க்க முடியாது. இரண்டு வழியில் கேட்டதால்தான் தெரிந்தது.

இப்போது, என்ன செய்யக்கூடாது: அதிக மதிப்பெண் எடுத்த 31 பேரைத் தூக்கிவிடக்கூடாது. தூக்கினால் மிச்சமிருப்பவர்கள் ஒரு வகை மனிதர்களாக மட்டும் இருப்பார்கள். ஒவ்வொருவரின் மதிப்பெண்ணிலிருந்தும் 0.56 வீதம் கழித்து, ‘இதுதான் உண்மையான மனப்பான்மை’ என்று எழுதுவதும் தப்பு. நல்ல பெயர் மதிப்பெண் பூஜ்யம் என்றால் முழு நேர்மை என்று யாரும் நிரூபிக்கவில்லை. தனி மனிதரைப் பற்றி இந்த அளவுகோலை வைத்து ஒன்றும் சொல்லாதீர்கள்.

செய்ய வேண்டியது, உறை வழியில் வந்த 17.5ஐ முதன்மை எண்ணாக வைப்பது. அதுவும் ஏறியதாக இருக்கலாம், ஆனால் குறைவாக. அறிக்கையில் இப்படி எழுதலாம்:

“தமிழ்ப்பள்ளி மீதான மனப்பான்மைச் சராசரி, பெயரில்லாமல் நிரப்பியவர்களிடம் 17.5, நேர்காணலில் 19.6. இந்த இடைவெளியில் சுமார் ஐந்தில் இரண்டு பங்கு, நல்ல பெயர் தேடும் பொதுப் போக்கோடு சேர்ந்து வருகிறது. அந்தப் போக்கு அதிகம் உள்ளவர்களின் பதில்கள் கூடுதல் ஆதரவைக் காட்டினாலும், மூத்த பிள்ளையைச் சேர்த்த விவரத்தில் வேறுபாடு இல்லை. எனவே நேர்காணல் எண்ணை, எதிர்பார்க்கும் மாணவர் சேர்க்கையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.”

கடைசி வாக்கியத்தைச் சங்கத்துக்காரர்கள் எடுத்துவிடச் சொல்லலாம். அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டுக்கு எத்தனை வகுப்பு திறப்பது என்று அந்த எண்ணை வைத்துத்தான் பேசுவார்கள். அதனால் அந்த வரியை விட்டுக்கொடுக்காதீர்கள்.