பிரித்துத் தைத்த பட்டுப் பிளவுஸும் பொய் சொல்லும் படமும்: தையல் கடைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சியிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள சில தையல் கடைகளுக்கு, திருத்திய உடுப்புகளின் ‘முன்–பின்’ படங்களை நான் எடுத்துக் கொடுக்கிறேன். கலியாணத்துக்காக வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் அந்தப் படங்களைப் பார்த்தே தாயின் கூறைப் பிளவுஸைக்கூட ஒப்படைக்கிறார்கள் என்பதால், படத்தில் செய்யும் சிறு மாற்றமும் கடைக்காரர் கொடுத்த வாக்காகவே எண்ணப்படுகிறது.

மிகப் பெரிய தவறு எதுவென்று பட்டுப் பிளவுஸ் ஒன்றைப் பிரித்து அகலமாக்கும்போது தெரியும். ஒவ்வொரு பக்கத் தையலின் உள்ளேயும் முக்கால் அங்குலத் துணி விடப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் அரை அங்குலத்தை வெளியே விட்டால், முன்துண்டிலும் பின்துண்டிலும் அரை அரை அங்குலமாக ஒரு பக்கத்துக்கு ஓர் அங்குலம் கூடும். இரண்டு பக்கமும் சேர்ந்து மார்புச் சுற்றளவு இரண்டு அங்குலம் பெருகும். உள்ளே மிஞ்சுவது கால் அங்குலம் மட்டுமே என்பதால், அதற்கு மேல் விட முடியாது. ஆனால் பட்டில் பழைய தையல் ஓடிய இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாக நிற்கும். அந்தக் கோட்டுக்கு அப்பால் இதுவரை வெயில் படாமல் மடிந்திருந்த துணி, வெளியே தெரிந்த துணியைவிடக் கடும் நிறமாக இருக்கும். இஸ்திரி போட்டால் துளைகள் சற்று மங்குமே தவிர மறையா.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடைக்கு எடுத்த படத்தில் அந்தக் கோட்டை, கைபேசிச் செயலியில் கறை அழிக்கும் கருவியால் நானே அழித்துக் கொடுத்தேன். படம் அழகாக இருந்தது. இரண்டு கிழமைக்குள் ஒரு பெண் தன் தாயின் அரக்குப் பிளவுஸை அந்தக் கடைக்குக் கொண்டுவந்து, “அக்கா, படத்தில இருக்கிற மாதிரியே தைச்சுத் தாங்கோ” என்று கேட்டார். தைத்து முடித்ததும் பக்கவாட்டில் தெரிந்த கோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தாயின் துணியைப் பழுதாக்கிவிட்டதாகவே அவர் நினைத்தார். தையலில் ஒரு பிழையும் இல்லை. பிழை நான் கொடுத்த படத்தில் இருந்தது. அன்றிலிருந்து துணியின் மேற்பரப்பில் எதையும் அழிப்பதில்லை என்று முடிவெடுத்தேன்.

இரண்டாவது தவறு, திருத்திய பின் எடுக்கும் படத்தில் முதுகுப் பக்கம் குத்தூசி அல்லது கிளிப் போட்டு இறுக்குவது. முன்னால் பார்த்தால் அளவு கச்சிதமாகத் தெரியும். ஆனால் அது ஊசி செய்த வேலை. முதுகையும் ஒரு படம் எடுத்துச் சேர்த்தால் இந்த ஏமாற்றுக்கு இடமிருக்காது. அதேபோல், முதற்படத்தில் கூனி நின்றவர் பின்னதில் தோளை நிமிர்த்தி நின்றால் அக்குள் சுருக்கம் தானாகவே குறைந்துவிடும். ஆகவே இரண்டிலும் கைகளைத் தொங்கவிட்டு ஒன்றும், தோள் உயரத்துக்குத் தூக்கி ஒன்றும் எடுப்பது நல்லது. இடுப்பைச் செயலியால் ஒடுக்குவது பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் இருக்கும் கதவு நிலையோ தரை ஓட்டின் கோடோ வளைந்து நிற்பதே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நிறம் பற்றிய தவறு பெரும்பாலும் எண்ணிச் செய்வதல்ல, எங்கள் ஊர் வெளிச்சத்தால் வருவது. நீலத் தறப்பாளின் கீழே எடுத்தால் அரக்கு ஊதாவாக மாறுகிறது. செம்மண் முற்றத்தில் பட்டுத் திரும்பும் வெயிலில் வெள்ளைத் துணியும் மஞ்சளடிக்கிறது. முதற்படத்தை உள்ளே மின்விளக்கில் எடுத்து, அடுத்ததை வாசலில் எடுத்தால், திருத்தத்தால் துணி புதுமை பெற்றதுபோலத் தோன்றும். நான் விறாந்தையின் நிழலில், ஏறத்தாழ ஒரே நேரத்தில், அதே சுவருக்கு முன்னால் இரண்டையும் எடுக்கிறேன். கைபேசியை ஆறடி தள்ளி, முக்காலியில் மார்பு உயரத்தில் வைக்கிறேன். அகலக் கோண வில்லையையும் அழகூட்டும் வசதியையும் பயன்படுத்துவதில்லை. ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாள் தெரியும்படி ஒட்டிவைத்தால், நிறம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அதைப் பார்த்தே சொல்லலாம். பிரகாசத்தைக் கூட்ட வேண்டுமென்றால் இரண்டு படங்களுக்கும் ஒரே அளவில் கூட்ட வேண்டும். உடுத்தியவரின் சம்மதத்தையும் முன்கூட்டியே கேட்டு, அவர் விரும்பாவிட்டால் கழுத்துக்குக் கீழே மட்டும் வெட்டி எடுக்க வேண்டும்.

இப்போது அந்தக் கடைக்கு நான் கொடுக்கும் பட்டுப் பிளவுஸ் படங்களில் பக்கத் தையலை அண்மையில் எடுத்த ஒன்றும் இருக்கும். அதன் கீழே, “இரு பக்கமும் அரை அங்குலம் விடப்பட்டது. பழைய தையல் கோடு தெரியும்” என்று எழுதுகிறோம். அதைப் பார்த்த சிலர் அப்படியே போதும் என்கிறார்கள். சிலர் அந்தக் கோட்டின் மேல் மெல்லிய சரிகை நாடா வைத்துத் தைக்கச் சொல்கிறார்கள். நாடா வைத்த பிளவுஸின் படத்தில், கோட்டை மறைப்பது நாடாதான் என்பதையும் எழுதிவிடுகிறோம்.