மோதிரத்தின் உட்பக்கத்தில் தமிழில் பெயரும் திகதியும் வெட்டுவது எப்படி?

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் நகைக்கடைக்குப் போய், கல்யாண மோதிரத்தில் பெயர் வெட்டித் தாருங்கள் என்றால் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் கிடைக்கும். கையால் சுற்றும் மோதிர மெசினோடு வரும் எழுத்துத் தட்டில் ஆங்கில எழுத்தும் இலக்கமும்தான் இருக்கின்றன, ‘ண’வும் இல்லை, புள்ளியும் இல்லை. தமிழ்ப் பெயர் வேண்டுமென்றால் லேசர் வேண்டும், இல்லாவிட்டால் கை வேண்டும். இங்கே கைவேலையைச் சொல்கிறேன். கல் பதிக்காத, 22 கரட், 4 மில்லிமீற்றர் அகலமான ஒரு மோதிரத்தில் ‘ரமணன் 12.09.2024’ என்று வெட்டுவதை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் பழகுவதற்கு ஒரு வளையம்

தங்கத்தில் கை வைக்க வேண்டாம். ஏசி திருத்தும் கடையில் முக்கால் அங்குலச் செப்புக் குழாயின் வெட்டுத்துண்டு கேட்டு வாங்குங்கள். அதன் உள்விட்டம் 17 மில்லிமீற்றருக்குக் கிட்ட வரும், ஒரு சாதாரண மோதிர அளவுதான். 4 மில்லிமீற்றர் அகலத்தில் பத்து வளையம் அறுத்து, உள்ளே மெல்லிய எமரித் தாளால் தேயுங்கள். அந்தப் பத்தும் முடியும்போது கை உளிக்குப் பழகியிருக்கும்.

வேண்டிய சாமான்கள் கொஞ்சம்தான்: கழுத்து வளைந்த, மோதிர உட்பக்கத்துக்கென்றே செய்த ஒரு கூருளி, அதைத் தீட்ட எண்ணெய்க்கல், பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி, வேர்னியர் அளவுகோல், அரக்கு. உளியின் கூர் 90 பாகையில் இருக்கட்டும், ஏன் என்று ஆழத்துக்கு வரும்போது சொல்கிறேன். வேலை முடிந்ததும் உளி நுனியில் எண்ணெய் பூசி வையுங்கள். வாவிக்கரை உப்புக் காற்றில் கூரான இரும்பு சீக்கிரம் துருப்பிடித்துவிடும்.

இடம் குறித்தல்

மோதிரத்தின் உள்ளே முதலில் இரண்டைத் தேடுங்கள். ஒன்று 916 முத்திரை, மற்றது இரு முனைகளையும் பொடி வைத்து ஊதி ஒட்டிய பொருத்து. பொருத்து கண்ணுக்குத் தெரியாவிட்டால் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், நிறம் லேசாக மாறிய ஒரு கோடு தெரியும். கல்யாணத்துக்குப் பிறகு விரல் பருத்து மோதிரத்தைப் பெருப்பிக்க வந்தால் பத்தர் அந்த இடத்தில்தான் வெட்டுவார். அதனால் பொருத்துக்கு இருபுறமும் ஐந்து ஐந்து மில்லிமீற்றர் விட்டுவிடுங்கள். எழுத்து அதற்கு நேர் எதிரே வரட்டும்.

இனிக் கணக்கு. எங்கள் மோதிரத்தின் உள்விட்டம் 17.5, சுற்றளவு 55 மில்லிமீற்றர். எழுத்தின் உடல் உயரம் 1.6 என்று வைத்தால் ‘ரமணன்’ ஏறக்குறைய 9 மில்லிமீற்றர் பிடிக்கும், அதில் ‘ண’ மட்டுமே 2.8. திகதிக்கு 11, இடைவெளிக்கு 2. எல்லாம் சேர்ந்து 22. அரைவட்டமே 27 என்பதால் தாராளமாக அடங்கும்.

மேல் கீழ் நடுவைப் பார்க்கும்போது புள்ளியை மறக்காதீர்கள். ‘ன்’ இன் புள்ளியோடு சேர்த்தால் உயரம் 2.3 ஆகிவிடும். எழுத்து உடலை மட்டும் நடுவில் வைத்தால் புள்ளி விளிம்பில் ஏறிப்போகும். புள்ளியையும் சேர்த்து அளந்தால் மேலும் கீழும் 0.85 மிஞ்சும்.

எழுத்தின் வடிவம்

தலைப்பெழுத்துப் போலத் தடிப்பும் மெலிவும் மாறி மாறி வருகிற அச்செழுத்தைப் பார்த்து வரையாதீர்கள். எல்லாக் கோடும் ஒரே தடிப்பில், சுழி திறந்திருக்கும் எளிய எழுத்துத்தான் இந்த உயரத்தில் வாசிக்க வரும். ‘ண’வின் சுழிக்குள் இருக்கும் வெளி குறைந்தது கோட்டின் அகலமாவது இருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் உளி உள்சுவரைத் தகர்த்து, சுழி ஒரு குழியாகிவிடும். புள்ளியைக் கோட்டைவிடச் சற்றுப் பெரிதாக, எழுத்திலிருந்து விலக்கி வையுங்கள். புள்ளி நிரம்பிப்போனால் அது ‘ரமணன்’ இல்லை, ‘ரமணன’.

திகதியை வெட்டுமுன் ஒரு தாளில் மாதத்தைச் சொல்லில் எழுதி, வாடிக்கையாளரிடம் காட்டிக் கையொப்பம் வாங்குங்கள். 12.09 நமக்குப் புரட்டாதி மாதம், செப்டெம்பர். வெளிநாட்டிலிருந்து வட்சப்பில் அனுப்புகிற சிலர் மாதத்தை முன்னால் போடுவார்கள், அவர்களுக்கு அது டிசம்பர் 9. தங்கத்தில் வெட்டிய இலக்கத்தை அழிக்க முடியாது, சுரண்டி மெல்லியதாக்கத்தான் முடியும்.

பிடித்து வெட்டுதல்

ஒரு மரத்துண்டின் மேல் அரைவட்டப் பள்ளம் தோண்டி, அரக்கை உருக்கி ஊற்றுங்கள். எழுத்து வர வேண்டிய பகுதி கீழே, உட்பக்கம் மேல் நோக்கி இருக்கும்படி மோதிரத்தை அதில் பதித்து ஆறவிடுங்கள். உளி மோதிரத்தின் வாய்ப்பக்கமாக உள்ளே நுழையும். வெள்ளை வர்ணம் மெல்லியதாகப் பூசி, காய்ந்ததும் இரண்டு கிடைக்கோடுகளும் எழுத்துகளும் ஊசியால் கீறுங்கள்.

முதலில் மேலிருந்து கீழே வரும் நிலைக்குத்துக் கோடுகள் எல்லாவற்றையும் வெட்டுங்கள். அவை விரல் போகும் திசையில் இருப்பதால் உளிக்கு எளிது. கிடைக்கோடுகள் வளைவோடு போகின்றன. குழிந்த பரப்பில் உளி தானாகவே உள்ளே புதையப் பார்க்கும், கைப்பிடியை அடிக்கடி தாழ்த்தி, அரை மில்லிமீற்றர் அளவில் நறுக்கி நறுக்கிப் போங்கள். சுழி வரும்போது உளியைத் திருப்பாமல் மரத்துண்டைத் திருப்புங்கள். மறு கையின் பெருவிரல் எப்போதும் உளி நுனிக்குப் பக்கத்தில் தடையாக இருக்கட்டும். வழுக்குவது பெரும்பாலும் அந்த விரல் எடுபடும் நொடியில்தான்.

கோட்டின் ஓரம் பிசிறாகக் கிளம்பினால் கூர் மழுங்கியிருக்கிறது. அடியில் இரட்டைக் கோடு தெரிந்தால் நுனி உடைந்திருக்கிறது. இரண்டுக்கும் மருந்து கல்தான், பலம் போடுவது இல்லை.

ஆழம்

90 பாகைக் கூர் வெட்டும் பள்ளத்தில் ஆழம் அகலத்தின் பாதி. எனவே ஆழத்தை அளக்கக் கருவி தேவையில்லை, அகலத்தைப் பார்த்தால் போதும். முதல் சுற்றில் மயிரிழையாக வெட்டி, இரண்டாம் சுற்றில் 0.25 மில்லிமீற்றர் அகலம் வரை திறந்தால் ஆழம் 0.12க்கு மேல் இருக்கும். 22 கரட் மென்மையானது, மேலோட்டமான கீறல் சில மெருகூட்டலிலேயே போய்விடும். ஆனால் மோதிரத்தின் தடிப்பு 1.2க்குக் குறைவாக இருந்தால் இந்த ஆழத்துக்குப் போகாதீர்கள், உள்ளே கூடாக இருந்தால் தொடவே வேண்டாம்.

மெருகு வெட்டுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பிறகு போட்டால் ஓரம் உருண்டு எழுத்து மங்கும். அரக்கை மெதில் ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் கழுவுங்கள்.

கைமணிக்கூட்டின் பின்மூடி

இதற்கு மேற்சொன்ன உளியைக் கொண்டு போகாதீர்கள். துருவேறா உருக்கு மிகக் கடினம், தொடக்கக்காரர் கையில் வழுக்கும். வைர நுனி ஊசி பூட்டிய மெசினோ லேசரோதான், 0.05 ஆழம் போதும். மூடியைக் கழற்றி வேறாக வைத்துத்தான் செய்ய வேண்டும், உள்ளே இயந்திரம் இருக்கும்போது அதிர்வும் தூளும் ஆகாது. திருகும் மூடியென்றால், கழற்றுமுன் 12 மணி எந்தப் பக்கம் என்று மூடியில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். போடாமல் கழற்றி வெட்டினால், இறுக்கி முடித்த பிறகு பெயர் சரிந்து கிடக்கும்.

மலிவான மணிக்கூடுகளில் மூடி பித்தளையில் செய்து மேலே முலாம் பூசியதாக இருக்கலாம். ஓரத்தில் சின்னக் கீறல் போட்டு மஞ்சள் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். வியர்வை பட்டு எழுத்துக்குள் பச்சை பிடிக்கும், கையிலும் ஒட்டும்.