கடைப் பணத்தில் எவ்வளவு வெளியே எடுக்கலாம்: வியாபாரக் குடும்பங்கள் செய்யும் தவறுகள்

கடையில் வளர்ந்த குடும்பங்களில் ஒரு கட்டத்தில் இந்தப் பேச்சு வரும். மகன், "எல்லாப் பணமும் சரக்கிலேயே கிடக்கிறது, கொஞ்சம் மியூச்சுவல் ஃபண்டில் போடலாம்" என்பான். அப்பா, "கடையை விட எது அதிகம் தரும்?" என்பார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எவ்வளவு என்று முடிவு செய்யும்போதுதான் கணக்கு தப்புகிறது.

ஒரு பெயின்ட், ஹார்டுவேர் கடையை எடுத்துக்கொள்வோம். கணக்கு புரிவதற்காக நானே வைத்த எண்கள் இவை. சரக்கு 40 லட்சம், வாடிக்கையாளர் பாக்கி 12 லட்சம், கரண்ட் அக்கவுண்டில் 8 லட்சம். கம்பெனிகளுக்குக் கொடுக்க வேண்டியது 15 லட்சம். வேறொரு வங்கியில் 20 லட்சம் லிமிட் உள்ள கேஷ் கிரெடிட், அதாவது சிசி கடனில் 10 லட்சம் எடுத்திருக்கிறார்கள். கழித்துப் பார்த்தால் 35 லட்சம் சொந்தப் பணம் என்று வரும்.

முதல் தவறு இந்த 35 லட்சத்தை அப்படியே நம்புவது. சரக்கில் 7 லட்சத்துக்கு ஒரு வருடமாக நகராத நிறங்களும் பழைய மாடல் குழாய்களும் இருக்கின்றன. பாக்கியில் 3 லட்சம் ஆறு மாதத்தைத் தாண்டியது. இரண்டையும் தள்ளினால் 25 லட்சம்தான். அதுவும் பெரும்பாலும் தட்டில் இருக்க வேண்டிய சரக்கு.

அடுத்த தவறு, முடிவெடுக்கும் மாதம். பொங்கலுக்கு முன் வெள்ளையடிப்பு வியாபாரம் முடிந்து தை பிறக்கும்போது அக்கவுண்டில் 8 லட்சம் நிற்கும். அதை உபரி என்று நினைத்து எஃப்டியில் போட்டுவிடுவார்கள். அதில் பாதிக்கு மேல் கம்பெனிகளுக்குக் கட்ட வேண்டிய பணம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டட வேலை நிற்கும்போது இதே கடை சிசியில் 17 லட்சம் வரை போகிறது. ஒரு வருடத்தின் பன்னிரண்டு மாத சிசி ஸ்டேட்மென்ட்டை எடுத்து, பணம் அதிகம் இறுகிய மாதத்தைப் பாருங்கள். அந்த மாதத்திலும் மிஞ்சியிருப்பதுதான் உபரி. இந்தக் கடையில் அப்படி எதுவும் இல்லை.

சரி, அந்த 8 லட்சத்தை என்ன செய்வது? கம்பெனிக்குக் கட்டும் நாள் வரை சிசியிலேயே கட்டி வைக்கலாம். சிசி வட்டி பத்தரை சதவீதம், எஃப்டி ஏழு சதவீதம் என்றால் எஃப்டியில் போடுவது நஷ்டம்தான். சிசியில் கட்டிய பணத்தை, லிமிட் இருக்கும்வரை, வேண்டும்போது திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் வெளியே எதுவுமே எடுக்கக் கூடாதா? அதுவும் தவறுதான், நான் பார்த்தவரை இதுதான் அதிகம். விற்பனை மூன்று வருடமாக ஒரே அளவில் நிற்க, சரக்கு மட்டும் ஏறிக்கொண்டே போனால், லாபத்தைக் கடை கேட்கவில்லை, நாம்தான் திணிக்கிறோம் என்று அர்த்தம். நகராத 7 லட்சம் சரக்கு அப்படித்தான் சேர்ந்தது. அதை 4 லட்சத்துக்காவது தள்ளிவிட்டு, அந்தப் பணத்தை மறுபடி சரக்காக்காமல் வெளியே கொண்டுபோக வேண்டும். வீட்டுச் செலவு மாதம் 45,000 என்றால் ஆறு மாதத்துக்கு 2 லட்சத்து 70 ஆயிரம் எஃப்டியில் இருக்கட்டும். சிசி வட்டி ஓடினாலும் இதை மட்டும் தொடாமல் வைப்பேன். கடை தடுமாறும் சமயத்தில்தான் வங்கியும் லிமிட்டைக் குறைக்கும். மீதி 1 லட்சத்து 30 ஆயிரம் பிபிஎஃப்பில்.

அப்புறம் மாதாமாதம். ஆண்டு லாபம் 12 லட்சம், வீட்டுக்கு 5 லட்சத்து 40 ஆயிரம் போக 6 லட்சத்து 60 ஆயிரம் மிஞ்சுகிறது. அதில் மாதம் 25,000 மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபியாக, கடை வாடகையைப் போல, முதல் வாரத்திலேயே போகட்டும். மீதி சிசியைக் குறைக்கட்டும். அடுத்த மழைக்காலத்தில் சிசி 17க்குப் பதில் 13, 14 லட்சத்தில் நின்றால் எஸ்ஐபியைக் கூட்டலாம். 17ஐத் தாண்டினால் நிறுத்திவிட்டுப் பாக்கியை வசூலிக்க வேண்டும்.

கடைசியாக, வெளியே எடுத்துவிட்டோம் என்று நினைத்தும் வெளியே போகாத பணம். தனிநபர் கடையில் கடைக் கடனுக்கு உரிமையாளரின் சொந்தச் சொத்தும் பொறுப்பு. சிசி தந்த வங்கியிலேயே எஃப்டி போட்டால், கடன் நின்றதும் அதைப் பிடித்துக்கொள்ள வங்கிக்கு வழி உண்டு. மனைவி பெயரில் போட்டாலும், சிசிக்கு அவரே ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் பாதுகாப்பு போய்விடும். சிசியைப் புதுப்பிக்கும்போது அந்தக் கையெழுத்தை விலக்க முடியுமா என்று மேனேஜரிடம் கேளுங்கள். பிபிஎஃப் இருப்பைக் கடனுக்காக நீதிமன்றம் ஜப்தி செய்ய முடியாது, ஆனால் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம்தான் போட முடியும், முழுப் பணத்தையும் எடுக்க 15 வருடம் காத்திருக்க வேண்டும். 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ், மனைவி மக்களுக்காக எடுக்கும் டேர்ம் பாலிசித் தொகை கடன்காரர்களிடம் போகாது. பாலிசி எடுக்கும்போதே அதற்கான படிவத்தைக் கொடுத்துவிட வேண்டும்.