வம்சாவளிப் படத்தைப் பட்டியலாக்குவது எப்படி? ஒரே ஆள் இரண்டு இடத்தில் வரும் குடும்பங்களுக்கு

செம்பூரில் பெரியப்பா வீட்டு ஹாலில், கதவு நிலைக்கு மேலே, லேமினேட் செய்த ஒரு சார்ட் தொங்குகிறது. திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்த கொள்ளுத்தாத்தாவில் தொடங்கி நான்கு தலைமுறை, ஸ்கெட்ச் பேனாவில் கட்டம் கட்டமாக. அதைப் போனில் படம் எடுத்து, எல்லோரும் படிக்கிற மாதிரி உள்ளடுக்குப் பட்டியலாகத் தட்டச்சு செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். முதல் முயற்சியில் 25 பெயர் வந்தது. உண்மையில் படத்தில் இருந்தது 18 பேர்தான். அந்த ஏழு பேர் எங்கிருந்து முளைத்தார்கள் என்பதுதான் இந்தப் பதிவு. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

முதலில் படம்

லேமினேஷன் மேல் ஃபிளாஷ் அடித்தால் நடுவில் வெள்ளைத் திட்டு விழும், அதற்குக் கீழே நிச்சயம் யாராவது ஒருவர் காணாமல் போவார். ஃபிளாஷை அணைத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில், ஸ்டூல் போட்டு ஏறி சார்ட்டுக்கு நேர் எதிராக நின்று எடுங்கள். முழுச் சார்ட்டுக்கு ஒரு படம், அப்புறம் இடது, நடு, வலது என்று கிட்டத்தில் மூன்று படம். பக்கத்துப் பக்கத்துப் படங்களில் குறைந்தது ஒரு கட்டமாவது பொதுவாக இருக்கட்டும். இல்லையென்றால் ஒரு கோடு எந்தக் கோட்டின் தொடர்ச்சி என்று பிறகு தெரியாது.

படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் வசதி போனிலேயே இருக்கிறது. அது பெயர்களைத் தரும், கோடுகளைத் தராது. நமக்கு வேண்டியது கோடுகள்தான். அதனால் நான் கையாலேயே செய்தேன்.

பெயரைப் படிக்காதீர்கள், கோட்டைப் படியுங்கள்

இந்தச் சார்ட்டில் இரண்டு கட்டங்களைப் பக்கவாட்டில் சேர்க்கும் கோடு கல்யாணம். அந்தக் கோட்டின் நடுவிலிருந்து கீழே இறங்கும் கோடு பிள்ளைகள். உங்கள் வீட்டுப் படத்தில் வேறு மாதிரி இருக்கலாம். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு தம்பதியின் கட்டத்தைப் பார்த்து அந்தப் படத்தின் வழக்கத்தைப் புரிந்துகொள்ளுங்கள்.

ஒரே உயரத்தில் இருப்பவர்கள் எல்லாம் ஒரே தலைமுறை என்று நம்ப வேண்டாம். எங்கள் படத்தில் இசக்கியின் கட்டம் நான்காவது வரிசையில் இருந்தது. நான்காம் தலைமுறை என்று எழுதப் போனேன். பெரிதாக்கிப் பார்த்தால், மூன்றாவது வரிசையில் இடம் இல்லாமல் கோட்டை மட்டும் நீட்டிக் கீழே கட்டம் போட்டிருக்கிறார் வரைந்தவர். உச்சியிலிருந்து அந்த ஆளை அடைய எத்தனை பிள்ளைக் கோடுகளில் இறங்க வேண்டும் என்று விரல் வைத்து எண்ணுங்கள். இசக்கிக்கு இரண்டு. ஆகவே அவர் மூன்றாம் தலைமுறை.

பட்டியல் எழுதத் தொடங்கும் முன் கட்டங்களையும் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு 20 வந்தது. கடைசியில் கணக்குப் பார்க்க இது வேண்டும்.

உறவுப் பெயர் எழுத வேண்டாம்

பட்டியலில் அத்தை, சித்தி, மாமா என்று எழுதத்தான் எல்லோருக்கும் கை வரும். எனக்கும் வந்தது. ஆனால் அந்தச் சொல் யார் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து ஆளே மாறிவிடும். போதாக்குறைக்கு ஒரே சொல்லுக்குள் இரண்டு மூன்று உறவு இருக்கும்.

எங்கள் படத்தில் சண்முகத்துக்கு இரண்டு மனைவி. முதல் மனைவி லட்சுமி இறந்த பிறகு அவள் தங்கை பார்வதியைக் கட்டினார். லட்சுமியின் மகன் பார்வதியைச் சித்தி என்றுதான் கூப்பிட்டார். அம்மாவின் தங்கை என்ற சித்தியா, அப்பாவின் இரண்டாம் மனைவி என்ற சித்தியா? இரண்டும்தான். கோமதிக்கு வேலம்மாள் அத்தை. அப்பாவின் அக்காள் என்பதால் அத்தை, பிறகு அவர் மகனையே கட்டிக்கொண்டதால் மாமியார் என்ற அத்தை. கூப்பிடும் சொல் மாறவே இல்லை. அதை வைத்து ஒரு கோட்டையும் உறுதிசெய்ய முடியாது.

அதனால் இரண்டே உறவு போதும்: இவருக்கு இவர் துணை, இவருக்கு இவர் பிள்ளை. தத்து இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் ‘தத்து’ என்று எழுதுங்கள். மற்ற உறவெல்லாம் இவற்றிலிருந்து தானே வந்துவிடும்.

எண்

ஒவ்வொருவருக்கும் ஒரு எண். உச்சியில் இருப்பவர் 1, அவருடைய மூத்த பிள்ளை 1.1, அடுத்தது 1.2, மூத்த பிள்ளையின் மூத்த பிள்ளை 1.1.1. இது டபோவில் முறை என்று வம்சாவளி எழுதுகிறவர்களிடம் பழக்கமானது. எண்ணில் எத்தனை பகுதி இருக்கிறதோ அத்தனையாவது தலைமுறை. இரண்டு புள்ளி, மூன்று பகுதி, மூன்றாம் தலைமுறை.

பெயர் இருக்கும்போது எண் எதற்கு என்று கேட்கலாம். நம் ஊரில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்போம். முதல் சுப்பையாவின் மகன் சண்முகம், சண்முகத்தின் மகன் சுப்பையா, அந்தச் சுப்பையாவின் மகன் மறுபடியும் சண்முகம். சரி, இனிஷியல் பிரித்துக் காட்டும் என்று நினைத்தேன். தாத்தா சு. சண்முகம். பேரன்? அவனும் சு. சண்முகம்! மும்பைப் பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் விரிந்து ‘சண்முகம் சுப்பையா’ ஆனாலும் இருவருக்கும் அதே பெயர்தான். 1.2 என்றும் 1.2.1.1 என்றும் எழுதினால்தான் பிழைக்கலாம்.

இரண்டு இடத்தில் வரும் ஆட்கள்

என்னுடைய 25-க்குக் காரணம் இதுதான். உள்ளடுக்குப் பட்டியலில் ஒரு வரி ஒரே ஒரு வரிக்குக் கீழேதான் நிற்க முடியும். நம் குடும்பங்களிலோ அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்று உள்ளுக்குள்ளேயே கல்யாணம். கணேசன் தன் தாய்மாமன் மகள் கோமதியைக் கட்டினார். கடைக்குட்டி முருகன் தன் அக்காள் மகள் செல்வியைக் கட்டினார். படம் வரைந்தவர் கோமதியையும் செல்வியையும் பிறந்த இடத்தில் ஒரு முறை, புருஷன் பக்கத்தில் ஒரு முறை என்று இரண்டிரண்டு கட்டம் போட்டிருந்தார். அதனால்தான் 18 பேருக்கு 20 கட்டம். நானோ அதற்கும் மேலே போய், இரண்டு இடத்திலும் தம்பதியாக எழுதி, பிள்ளைகளையும் இரண்டு இடத்திலும் இறக்கிவிட்டேன். குடும்பக் குழுவில் போட்டதும் பெரியம்மாவின் குரல் செய்தி வந்தது: “ஏப்பா, மாரியப்பன் எப்பப்பா ரெண்டு பேரா ஆனான்?”

விதி இதுதான்: ஒருவருக்கு எண் பிறந்த இடத்தில் மட்டும். துணையின் பக்கத்தில் அவர் பெயர் வரும்போது சதுர அடைப்புக்குள் அந்த எண்ணைக் குறியுங்கள். பிள்ளைகள் ஒரே ஒரு இடத்தில் இறங்கட்டும். எங்கள் படத்தில் அவர்கள் அப்பா கோட்டில் இருந்ததால் நானும் அங்கேயே வைத்தேன். நீங்கள் அம்மா கோட்டில் வைத்தாலும் தப்பில்லை, பட்டியல் முழுக்க ஒன்றாக இருந்தால் போதும். மற்ற இடத்தில் ஒரு அம்புக்குறி.

```
1 சுப்பையா + இசக்கியம்மாள்
  1.1 வேலம்மாள் + பரமசிவம்
    1.1.1 செல்வி → 1.3-இன் மனைவி
    1.1.2 கணேசன் + கோமதி [1.2.2]
      1.1.2.1 பரமசிவம்
  1.2 சண்முகம்
    + லட்சுமி (முதல் மனைவி)
      1.2.1 சுப்பையா + சரஸ்வதி
        1.2.1.1 சண்முகம்
    + பார்வதி (இரண்டாம் மனைவி)
      1.2.2 கோமதி → 1.1.2-இன் மனைவி
      1.2.3 இசக்கி
  1.3 முருகன் + செல்வி [1.1.1]
    1.3.1 மாரியப்பன்
    1.3.2 வள்ளி
```

இரண்டு மனைவி உள்ள இடத்தில் மனைவிக்குத் தனி வரி கொடுத்திருப்பதைப் பாருங்கள். எந்தப் பிள்ளை யாருக்குப் பிறந்தது என்பது அதில்தான் தெரியும். ஆனால் அதனால் அங்கே ஒரு அடுக்கு கூடுதலாக உள்ளே போகிறது. 1.2.3 இசக்கியும் 1.3.1 மாரியப்பனும் வேறு வேறு ஆழத்தில் நிற்கிறார்கள், எண்படி இருவரும் மூன்றாம் தலைமுறைதான். தலைமுறைக்கு எண்ணை நம்புங்கள், உள்தள்ளலை அல்ல.

மாரியப்பன் விஷயத்தில் இன்னொரு சிக்கல். அப்பா வழியில் அவர் மூன்றாம் தலைமுறை. அம்மா செல்வியே மூன்றாம் தலைமுறை என்பதால் அம்மா வழியில் நான்காவது. இரண்டும் சரி. பட்டியலின் தலையில் ‘தலைமுறை எண் அப்பா வழியில்’ என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால் கல்யாண வீட்டில் இதை வைத்தே ஒரு மணி நேரம் வாக்குவாதம் ஓடும்.

தட்டச்சில் ஒரே ஒரு எச்சரிக்கை. உள்தள்ள ஒரு அடுக்குக்கு இரண்டு இடைவெளி என்று வைத்துக்கொண்டு கடைசி வரை அதையே செய்யுங்கள். பாதி டேப், பாதி இடைவெளி என்று கலந்தால் உங்கள் திரையில் நேராகத் தெரிவது இன்னொருவர் போனில் கலைந்துவிடும். அப்படிக் கலைந்தாலும் எண் இருப்பதால் யார் யாருக்குப் பிள்ளை என்பது தொலையாது.

கணக்குப் பார்ப்பது

சதுர அடைப்பு எண் உள்ள பெயர்களை விட்டுவிட்டு மற்றப் பெயர்களை எண்ணுங்கள். 18. சதுர அடைப்பு உள்ளவை இரண்டு. கூட்டினால் 20, அதாவது படத்தின் கட்ட எண்ணிக்கை. ஒன்று குறைந்தால் யாரையோ விட்டிருக்கிறீர்கள். கூடினால் யாரோ இரண்டு முறை பிறந்திருக்கிறார்கள். அப்புறம் ஒவ்வொரு அம்புக்குறிக்கும் எதிர்முனையில் ஒரு சதுர அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 1.1.1 செல்வியின் அம்பு 1.3-ஐக் காட்டுகிறது, 1.3-இல் [1.1.1] இருக்கிறது. சரி.

எண்களைக் கடைசியில் போடுவது நல்லது. முதலில் உள்தள்ளலோடு பெயரை மட்டும் எழுதி, வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். “பிள்ளைகள் யார் யார்” என்று கேட்காமல், “வேலம்மாளுக்கு அடுத்து பிறந்தது யார், அதற்கு அடுத்து யார்” என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நான் திருத்திய பட்டியலை அப்படி வாசித்தபோது பெரியம்மா என்னை நிறுத்தி, வேலம்மாளுக்கும் சண்முகத்துக்கும் நடுவில் ஒரு ஆண் பிள்ளை பிறந்து மூன்று மாதத்தில் போய்விட்டது என்றார். படத்தில் அந்தப் பிள்ளைக்குக் கட்டமே இல்லை. நான் ஏற்கெனவே எண் போட்டுவிட்டிருந்ததால், சண்முகம் 1.3, முருகன் 1.4 என்று அவர்களுக்குக் கீழே இருந்த எல்லா எண்களையும், சதுர அடைப்புகளையும், அம்புகளையும் உட்கார்ந்து மாற்றினேன். 1.2-க்கு எதிரே இப்போது ‘ஆண் பிள்ளை, பெயர் வைக்கவில்லை’ என்று இருக்கிறது.