பாட்டியும் பேரனும் ஒரே மேசையில்: போர்டு கேம் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போர்டு கேம் பெட்டியின் ஓரத்தில் மூன்று எண்கள் அச்சாகியிருக்கும்: எத்தனை பேர் ஆடலாம், எத்தனை நிமிடம் ஆகும், எந்த வயதிலிருந்து ஆடலாம். பெரியவர்கள் மட்டும் ஆடுவதானால் இவற்றை நம்பியே வாங்கிவிடலாம். பெரியவர்களும் பிள்ளைகளும் கலந்து உட்காரும் வீட்டில்தான் இந்த எண்கள் காலை வாரிவிடும்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பாட்டி, அப்பா, அம்மா, மாமா, 13, 9, 6 வயதில் மூன்று பிள்ளைகள். மொத்தம் 7 பேர். மதியச் சாப்பாடு முடிந்து கையில் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. பாட்டிக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. இவர்களுக்கு எந்த விளையாட்டு?

அதிகபட்ச எண்ணை மட்டும் பார்ப்பது

"2 முதல் 5 பேர்" என்றால் ஐந்து பேராலும் ஆட முடியும் என்றுதான் பொருள். ஐந்து பேருக்கும் நன்றாக இருக்குமா என்பது வேறு கேள்வி. அதைக் கண்டுபிடிக்க எளிய கணக்கு ஒன்று உண்டு: ஒருவர் தன் முறையை முடிக்க எடுக்கும் நேரத்தை மற்ற ஆட்களின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். ஒரு குழந்தை சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம் அதுதான்.

'டிக்கெட் டு ரைட்' என்ற ரயில் பாதை விளையாட்டில் ஒரு முறைக்கு முக்கால் நிமிடம் என்று வைத்துக்கொண்டால், ஐந்து பேர் ஆடும்போது காத்திருப்பு மூன்று நிமிடம். பெரியவர்கள் அந்த நேரத்தில் அடுத்த பாதையை யோசிப்பார்கள். ஆறு வயதுப் பிள்ளை இரண்டு நிமிடம் தாண்டினாலே மேசைக்கு அடியில் போய்விடும். அது எழுந்து போனால் விளையாட்டு பிடிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் காத்திருப்புதான் காரணம்.

காத்திருக்கும் நேரத்தில் கைக்கு ஏதாவது வேலை இருந்தால் கணக்கு மாறும். எண் போட்ட நிலங்களில் ஊர் அமைக்கும் 'கட்டான்' விளையாட்டில் யார் பகடை உருட்டினாலும் உங்கள் ஊரை ஒட்டிய நிலத்தின் எண் விழுந்தால் உங்களுக்கும் சரக்கு கிடைக்கும். அதனால் அடுத்தவர் முறையிலும் பிள்ளைகளின் கண் பலகையில்தான் இருக்கும். ஆனால் அடிப்படைப் பெட்டியில் நான்கு பேர்தான் ஆட முடியும், ஐந்தாவது ஆறாவது ஆளுக்குத் தனி விரிவாக்கப் பெட்டி வேண்டும். நம் ஏழு பேருக்கு இரண்டுமே பொருந்தாது.

இன்னொன்று: வெவ்வேறு பதிப்புகளில் ஆள் எண்ணிக்கை மாறும். படச் சீட்டுகளை வைத்து ஆடும் 'டிக்ஸிட்' பழைய பதிப்பில் 6 பேர், புதிய பதிப்பில் 8 பேர். பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் ஏழாவது ஆளுக்கு இடமிருக்காது.

நிமிடக் கணக்கை அப்படியே நம்புவது

பெட்டியில் உள்ள நேரம் விதி தெரிந்தவர்களுக்கானது. முதல் முறை ஆடும்போது விதி சொல்ல, காய்களைப் பிரித்து அடுக்க, நடுவில் சந்தேகம் தீர்க்க என்று ஒன்றரை மடங்காவது ஆகும். "60 நிமிடம்" என்றால் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். அதுவும் ஆட்கள் முழு எண்ணிக்கையில் இருந்தால் மேல் எல்லையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நேரத்தைவிட முக்கியமானது ஆட்டம் எப்படி முடிகிறது என்பது. 'மோனோபோலி'யில் பணம் தீர்ந்தவர் வெளியேறிவிடுகிறார், மற்றவர்கள் இன்னும் ஒரு மணி நேரம் ஆடலாம். வெளியேறுவது பெரும்பாலும் சின்னப் பிள்ளையாகவே இருக்கும். போதாததற்கு, நம் வீடுகளில் இரண்டு வழக்கங்கள் அதை இழுத்தடிக்கின்றன. ஒருவர் வாங்க மறுத்த இடத்தை ஏலம் விட வேண்டும் என்பது விதி; அதை விட்டுவிடுகிறோம். அபராதப் பணத்தை நடுவில் குவித்து 'ஃப்ரீ பார்க்கிங்' கட்டத்தில் வந்து நிற்பவருக்குக் கொடுக்கிறோம். அது விதியிலேயே இல்லை. கலப்புக் குழுவுக்கு யாரும் வெளியேறாத, குறிப்பிட்ட சுற்றோடு நிறுத்தக்கூடிய ஆட்டமே நல்லது.

வயதைப் பார்த்துக் கடினத்தை முடிவு செய்வது

போர்டுகேம்கீக் தளத்தில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் 5-க்கு இத்தனை என்று ஒரு கடின மதிப்பும், எத்தனை பேர் ஆடினால் சிறப்பு என்று ஆடியவர்களின் வாக்கும் இருக்கும். வாங்கும் முன் இரண்டையும் பாருங்கள். மதிப்பு 2-க்குள் இருந்தால் கலப்புக் குழுவுக்குப் பொதுவாக ஒத்துவரும். ஆனால் அந்த எண் சொல்லாத இரண்டு விஷயங்கள் பிள்ளைகளைத் தடுக்கும்.

முதலாவது, கையில் மறைத்து வைக்கும் சீட்டு. சந்தேகம் கேட்க வேண்டுமென்றால் குழந்தை சீட்டைக் காட்டியாக வேண்டும். காட்டினால் ரகசியம் போயிற்று. டிக்கெட் டு ரைட்டில் விதி எளிதுதான், ஆனால் மறைத்து வைக்கும் பயணச் சீட்டில் ஊர்ப் பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கும். அவற்றை வரைபடத்தில் தேடுவதிலேயே ஆறு வயதும் பாட்டியும் திணறுவார்கள். வாசிப்பும் ரகசியமும் சேர்ந்து வந்தால் அந்த விளையாட்டை ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டாவது, தொடக்கத்திலேயே தலையெழுத்தைத் தீர்மானிக்கும் விளையாட்டு. கட்டானில் முதல் இரண்டு ஊர்களைத் தப்பான இடத்தில் வைத்த ஒன்பது வயதுப் பிள்ளை ஆட்டம் முழுக்க வெறுங்கையோடு இருக்கும். விதிப்புத்தகத்தில் புதியவர்களுக்கென ஊர்களையும் வைத்தே காட்டும் தொடக்க அமைப்பு உண்டு. முதல் ஆட்டத்தில் அதைத் தாண்டாதீர்கள்.

ஏழு பேருக்கு எது சரி

மேலே சொன்ன எல்லாவற்றையும் தாண்டி வருவது '6 நிம்ட்' என்ற சீட்டு விளையாட்டு. 'டேக் 5' என்றும் விற்கிறார்கள். 2 முதல் 10 பேர் ஆடலாம். 1 முதல் 104 வரை எண் போட்ட சீட்டுகள், வாசிக்க எழுத்தே இல்லை. ஆளுக்கு 10 சீட்டு, மேசையில் நான்கு வரிசைக்கு ஒவ்வொன்று.

எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்துத் திருப்புகிறார்கள், அதனால் காத்திருப்பே கிடையாது. சிறிய எண்ணிலிருந்து தொடங்கி, தன்னைவிடச் சிறிய, மிக நெருங்கிய எண்ணில் முடியும் வரிசையில் ஒவ்வொரு சீட்டும் சேரும். வரிசைகள் 12, 37, 58, 90 என்று முடிந்தால் 61 போய் 58-க்குப் பின்னால் நிற்கும். அங்கே ஏற்கெனவே ஐந்து சீட்டு இருந்தால் அந்த ஐந்தையும் நீங்கள் எடுக்க வேண்டும், 61 புது வரிசையாகும். 7 போட்டால் எல்லா வரிசையையும் விடச் சிறியது, ஆகவே உங்களுக்குப் பிடித்த ஒரு வரிசையை எடுத்துக்கொள்ள வேண்டும். இப்படி எடுத்த சீட்டுகளில் அச்சாகியுள்ள காளைத் தலைகள் எண்ணப்படும், குறைவாக எடுத்தவர் வெல்வார்.

ஆறு வயதுக்கு 58 பெரிதா 61 பெரிதா என்பது இன்னும் தடுமாற்றமாக இருக்கலாம். அதற்காகத் தனி ஆளாக உட்கார வைத்துக் கையைப் பார்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். பாட்டியோடு ஒரே கையாகச் சேர்த்துவிடுங்கள். சீட்டைப் பிடிப்பதும் கவிழ்ப்பதும் பேரன், இரண்டு சீட்டை எடுத்துக் காட்டி இதிலா அதிலா என்று கேட்பது பாட்டி. கடைசி முடிவு பேரனுடையதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அவன் வேடிக்கை பார்ப்பவனாகிவிடுவான்.

விதிப்படி யாராவது 66 காளைத் தலை சேர்க்கும்வரை ஆட்டம் நீளும். ஒன்றரை மணி நேரத்துக்கு நான்கு முறை சீட்டுப் போடுவது என்று தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள். முதல் சுற்றை எண்ணிக்கையில் சேர்க்காமல், எல்லோரும் சீட்டைத் திறந்து வைத்தே ஆடுங்கள். ஊரிலிருந்து இன்னும் மூன்று பேர் வந்து பத்துப் பேர் தனித்தனியாக ஆடினால் 104 சீட்டும் பங்கிடப்பட்டுவிடும். எந்த எண்ணும் ஒதுங்கியிருக்காததால் வரிசைகள் நொடியில் நிரம்பும், திட்டம் போட இடமிருக்காது. அந்த அளவு கூட்டத்துக்கு ஐந்து ஐந்து பேராக இரண்டு மேசை போடுவதே மேல்.