பத்து ஆண்டாகப் பழகிய டையும் ஒவ்வாமை தரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோல் மருத்துவப் பிரிவில் பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்கள் நோயாளியிடம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறுகள் என் காதில் விழுகின்றன. சொறியக் கூடாது, சோப்பு போட்டுத் தேய்க்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோரும் அறிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

"பழகிய பொருள்தானே" என்று நம்பிவிடுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். நான் பணியில் சேர்ந்த புதிதில், ஐம்பது வயதை நெருங்கிய ஒருவர் இமைகள் வீங்கிச் சிவந்த நிலையில் வந்தார். ஞாயிறன்று டை அடித்திருந்தார். திங்கள் மாலை நெற்றி ஓரத்தில் அரிப்பு தொடங்கி, செவ்வாய் காலையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. "பத்து வருஷமா இதே டைதான் டாக்டர்" என்று அவர் சொன்னதும் டையைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, திங்களன்று அவர் புதிதாக வாங்கிய குளியல் சோப்பின் மீது பழியைப் போட்டு, அரிப்புக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதம் மீண்டும் டை அடித்தார். இம்முறை காது மடல்களிலும் பிடரியிலும் கொப்புளம் எழும்பி, நீர் வடிய வந்து நின்றார்.

நான் மறந்தது ஒவ்வாமை உருவாகும் விதத்தை. கறுப்பு டைகளில் பெரும்பாலும் இருக்கும் பாரா ஃபீனைலீன்டையமீன் மிகச் சிறிய மூலக்கூறு. அது தோலின் மேலடுக்கைக் கடந்து, அங்குள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. தோலில் காவலிருக்கும் செல்கள் அந்தக் கலவையைப் பிடித்து அருகிலுள்ள நிணநீர் முடிச்சுக்குக் கொண்டு செல்ல, அங்கே அதை மட்டும் அடையாளம் காணும் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் பெருகுகின்றன. இதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். வெளியே பெரும்பாலும் ஓர் அறிகுறியும் தெரியாது. அதன்பின் அதே பொருள் படும்போது, அந்தச் செல்கள் திரண்டு வர ஓரிரு நாள் எடுத்துக்கொள்கின்றன. ஞாயிறு அடித்த டைக்குச் செவ்வாயில் முகம் வீங்குவது அதனால்தான்.

இந்த ஒவ்வாமை முதல் முறையிலேயே உருவாகலாம், நூறாவது முறையிலும் உருவாகலாம். ஆகவே பத்து ஆண்டுப் பயன்பாடு டை குற்றமற்றது என்பதற்குச் சான்றாகாது. ஒவ்வாமை உருவாகக் கிடைத்த வாய்ப்புகளின் எண்ணிக்கை என்றே அதைக் கொள்ள வேண்டும். திருவிழாக் கடையில் கையில் வரைந்துகொள்ளும் 'கறுப்பு மருதாணி'யிலும் இதே பொருளைக் கலப்பதுண்டு என்பதால், சிலருக்கு அந்த வாய்ப்பு சிறுவயதிலேயே கிடைத்துவிடுகிறது.

டை பட்ட தலைத்தோலை விட இமையும் காதும் அதிகம் வீங்குவதும் என்னைத் திசைதிருப்பியது. தலைத்தோல் தடிமனானது, இமையின் தோல் மிக மெல்லியது.

கவரிங் நகைத் தடிப்பைப் படர்தாமரை என்று எண்ணுவது

கவரிங் நகையில் தங்க முலாம் தேய்ந்ததும், அடியிலுள்ள நிக்கல் வியர்வையில் கரைந்து தோலுக்குள் இறங்குகிறது. அதனால்தான் வெயில் காலத்தில் தொந்தரவு கூடுகிறது. தோடு தொடும் காது மடலில் நீர் கசிவு, சங்கிலி படும் கழுத்தில் கோடாக ஒரு தடிப்பு, தொப்புளுக்குக் கீழே ஜீன்ஸ் பொத்தான் அளவில் ஒரு கறுத்த திட்டு: இம்மூன்றும் ஒருவரிடமே இருந்தால் விடை கையில் இருக்கிறது. ஆனால் அந்தத் திட்டை மட்டும் பார்த்துப் படர்தாமரைக் களிம்பு வாங்கித் தடவுகிறார்கள்; அதில் ஸ்டீராய்டும் கலந்திருந்தால் சில நாள் அடங்கி, பிறகு திரும்பி வரும். சந்தேகம் இருந்தால், டைமெதில்கிளையாக்சைம் கரைசலில் நனைத்த பஞ்சால் நகையைத் தேய்த்துப் பார்க்கலாம்; நிக்கல் வெளியேறினால் பஞ்சு இளஞ்சிவப்பாகும்.

நகையின் உட்புறம் நெயில் பாலிஷ் பூசுவது

தேய்ந்துவிடும்.

ஒட்டுப் பரிசோதனையை அவசரமாகப் படிப்பது

எது ஒவ்வாமை தருகிறது என்று கண்டறிய முதுகில் ஒட்டிய பொருள்களை 48 மணி நேரத்தில் எடுத்து, அன்றே பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுகிறார்கள். சில எதிர்வினைகள் 96ஆவது மணி நேரத்தில்தான் தெளிவாகத் தெரியும். நோயாளி ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால், உண்மையான ஒவ்வாமையும் மறைந்துபோகலாம்.

"அமோனியா இல்லாதது" என்பதை நம்புவது

அமோனியா இல்லை என்றால் அமோனியா மட்டுமே இல்லை. மேலே சொன்னவருக்குப் பரிசோதனையில் பாரா ஃபீனைலீன்டையமீன் ஒவ்வாமை உறுதியான பின்பும், அவர் அப்படி அச்சிட்ட ஒரு டை பெட்டியை வாங்கி அடித்து, மூன்றாம் முறையாக முகம் வீங்கி வந்தார். பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் அந்தப் பெயர் இருந்தது. நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் அதைப் படிக்க முடிந்தது.